கோட்டாவை மீறினால் எவ்வளவு லாபம்? ஒரு கார்ட்டெல் உள்ளிருந்தே உடையும் கணக்கு

1980-இல் சவுதி அரேபியா நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கோடி பீப்பாய் கச்சா எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தது. 1985 ஆகஸ்டில் அது 25 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கிணறுகள் வற்றவில்லை, போர் எதுவும் அங்கே நடக்கவில்லை. எண்ணெய் விலையைத் தாங்கிப் பிடிப்பதற்காக சவுதி தன் குழாய்களைத் தானே மூடிக்கொண்டது. அது மூட மூட, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டணியான ஒபெக்கில் அதனோடு இருந்த மற்ற நாடுகள் தங்களுக்கு ஒதுக்கிய அளவைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தன.

இதை வெறும் நன்றிகெட்டதனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மற்ற நாடுகளின் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால், அவை செய்ததைத்தான் நாமும் செய்திருப்போம். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரே பொருளை விற்கும் பலர் தங்களுக்குள் போட்டி போடாமல், 'விலை இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, ஆளுக்கு இவ்வளவுதான் விற்க வேண்டும்' என்று பேசி வைத்துக்கொண்டால் அந்தக் கூட்டுக்குப் பெயர் கார்ட்டெல். ஆளுக்கு ஒதுக்கிய அளவுதான் கோட்டா. விலையை மட்டும் பேசி முடிவு செய்தால் போதாதா, கோட்டா எதற்கு என்று தோன்றலாம். சந்தையில் சரக்கு குறைந்தால்தான் விலை ஏறும். எல்லோரும் நினைத்த அளவு கொண்டுவந்து கொட்டிவிட்டு, விலையை மட்டும் பிடித்து வைக்க முடியாது. ஒபெக் 1960-இல் பாக்தாத்தில் தொடங்கியபோதும், அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேலும், அதனிடம் முறையான கோட்டா இல்லை. 1982 மார்ச்சில்தான் முதல்முறையாக நாட்டுவாரியாக அளவு பிரித்தார்கள். சிக்கலும் அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஐந்து நாடுகள், ஒரு கணக்கு

நிஜ ஒபெக்கை அப்புறம் பார்ப்போம். இப்போதைக்கு ஐந்து நாடுகள் மட்டும் உள்ள ஒரு கற்பனைக் கூட்டணியை எடுத்துக்கொள்வோம். ஐந்தும் சம அளவு நாடுகள். ஒரு பீப்பாய் எடுக்க எல்லோருக்கும் 10 டாலர் செலவாகிறது.

சந்தை இப்படி நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஐந்து நாடுகளும் சேர்ந்து நாளுக்கு 100 லட்சம் பீப்பாய் விற்றால் விலை 60 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு 10 லட்சம் பீப்பாய் கூடும்போதும் விலை 5 டாலர் இறங்கும். குறைந்தால் அதே போல 5 டாலர் ஏறும்.

இந்த 100 லட்சம் என்பது கண்ணை மூடிக்கொண்டு சொன்ன எண் அல்ல. கூட்டணி முழுவதற்கும் அதிக லாபம் தரும் அளவு அதுதான். ஒரு பீப்பாய்க்கு லாபம் 60 கழித்தல் 10, அதாவது 50 டாலர். 100 லட்சத்தால் பெருக்கினால் நாளுக்கு 50 கோடி டாலர். உற்பத்தியை 110 லட்சமாக்கினால் விலை 55, லாபம் பீப்பாய்க்கு 45, மொத்தம் 49.5 கோடி. 90 லட்சமாகக் குறைத்தாலும் 55 டாலர் லாபத்தில் அதே 49.5 கோடிதான் வருகிறது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குறைகிறது.

ஆகவே ஐந்து அமைச்சர்களும் உட்கார்ந்து பேசி, ஆளுக்கு 20 லட்சம் பீப்பாய் கோட்டா என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஆளுக்கு நாளுக்கு 10 கோடி டாலர் லாபம். கை குலுக்கிவிட்டு ஊருக்குப் போகிறார்கள்.

இப்போது அதில் ஒரு நாட்டின் அமைச்சர் விமானத்தில் உட்கார்ந்து தாளில் இப்படி எழுதுகிறார்: 'மற்ற நால்வரும் சொன்ன சொல் தவறாமல் 20 லட்சம் விற்கட்டும். நான் மட்டும் 30 லட்சம் விற்றால் என்ன ஆகும்?'

மொத்தம் 110 லட்சம் ஆகும். விலை 55 டாலருக்கு வரும். பீப்பாய்க்கு லாபம் 45. அவருடைய 30 லட்சத்துக்கு நாளுக்கு 13.5 கோடி டாலர். நேற்று வரை 10 கோடி, இன்று 13.5 கோடி. வேறு எதையும் மாற்றாமல், குழாயை இன்னும் கொஞ்சம் திறந்ததற்கு மட்டும் நாளுக்கு 3.5 கோடி டாலர் கூடுதல்.

இந்த 3.5 கோடியைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கூடுதலாக விற்ற 10 லட்சம் பீப்பாய், பீப்பாய்க்கு 45 டாலர் லாபம், ஆக வரவு 4.5 கோடி. ஆனால் விலை 5 டாலர் இறங்கியதால், முன்பே விற்றுக்கொண்டிருந்த 20 லட்சம் பீப்பாயிலும் பீப்பாய்க்கு 5 டாலர் போயிற்று. அது 1 கோடி இழப்பு. 4.5-இல் 1 போக 3.5.

சரி, அந்த விலைச் சரிவு அவரை மட்டுமா பாதித்தது? இல்லை. மற்ற நான்கு நாடுகளும் தங்கள் 20 லட்சம் பீப்பாயை அதே 55 டாலருக்குத்தான் விற்க வேண்டும். 10 கோடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 9 கோடிக்கு இறங்குகிறார்கள். நால்வருக்கும் சேர்த்து 4 கோடி இழப்பு. அதாவது, விலை இறங்கியதால் பழைய 100 லட்சம் பீப்பாயில் ஏற்பட்ட மொத்த அடி 5 கோடி. அதில் மீறியவர் தலையில் விழுந்தது ஐந்தில் ஒரு பங்கு. கூடுதல் பீப்பாயில் வந்த 4.5 கோடியோ முழுவதும் அவர் பையில்.

கூட்டணி மொத்தத்துக்கும் பார்த்தால் 50 கோடி 49.5 கோடியாகிவிட்டது, அரைக் கோடி நட்டம். அந்த அரைக் கோடி நட்டத்தை உண்டாக்கி அவர் மூன்றரைக் கோடி சம்பாதித்திருக்கிறார்.

ஒரு சந்தேகம் வரலாம்: விலை 5 டாலருக்குப் பதில் இன்னும் வேகமாகச் சரிந்தால் அவர் மாட்டிக்கொள்ள மாட்டாரா? நியாயமான கேள்வி. 30 லட்சம் விற்று 10 கோடிக்குக் கீழே போக வேண்டுமென்றால், பீப்பாய் லாபம் 33 டாலர் 33 சென்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அதாவது விலை ஏறக்குறைய 17 டாலர் சரிய வேண்டும். அதுவரை மீறுவது லாபமே. அந்த அளவுக்குச் சட்டென்று சரியும் சந்தை என்றால், கார்ட்டெல் முதலிலேயே கோட்டாவை இன்னும் இறுக்கி விலையை இன்னும் மேலே வைத்திருக்கும். அங்கே பீப்பாய்க்குக் கிடைக்கும் லாபம் இன்னும் கொழுத்ததாக இருக்கும், மீறும் ஆசையும் கூடவே திரும்பி வந்துவிடும். கார்ட்டெல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்கு ஒரு கூடுதல் பீப்பாயின் மதிப்பும் ஏறுகிறது.

மற்றவர்களும் அதையே யோசித்தால்

அந்த அமைச்சர் மட்டும்தான் விமானத்தில் தாளும் பேனாவும் வைத்திருந்தாரா? மற்ற நால்வரும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

ஐவருமே 30 லட்சம் எடுத்தால் மொத்தம் 150 லட்சம். விலை 35. பீப்பாய் லாபம் 25. ஆளுக்கு நாளுக்கு 7.5 கோடி. எல்லோரும் ஒழுங்காக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் 10 கோடியை விட இரண்டரைக் கோடி குறைவு. எல்லோருக்குமே நட்டம் என்றால் ஒருவராவது பழைய கோட்டாவுக்குத் திரும்பிப் போக மாட்டாரா?

போய்ப் பார்க்கட்டும். அவர் 20 லட்சத்துக்கு இறங்குகிறார், மற்ற நால்வர் 30 லட்சத்தில் நிற்கிறார்கள். மொத்தம் 140 லட்சம், விலை 40, பீப்பாய் லாபம் 30. திருந்தியவருக்கு 6 கோடி. திருந்தாத நால்வருக்கும் ஆளுக்கு 9 கோடி. ஒழுங்காக நடந்ததற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, 7.5 கோடி 6 கோடியானதுதான்.

ஆக, மற்றவர்கள் யோக்கியமாக இருந்தாலும் மீறுவது லாபம் (10-க்குப் பதில் 13.5). மற்றவர்கள் அயோக்கியமாக இருந்தாலும் மீறுவதுதான் லாபம் (6-க்குப் பதில் 7.5). மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று ஊகிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பொருளாதாரப் பாடத்தில் 'கைதிகளின் இக்கட்டு' என்று சொல்வது இதைத்தான். அந்தப் பெயரைப் பார்த்து ஜெயில், போலீஸ், வாக்குமூலம் என்று கதையை நினைவில் வைத்துக்கொள்பவர்கள், இந்த நான்கு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது மேல் என்பது என் எண்ணம்.

ஆளுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொன்ன அண்டாவில், 'நான் ஒருவன் தண்ணீர் ஊற்றினால் என்ன தெரியப் போகிறது' என்று ஊரே தண்ணீர் ஊற்றிய கதை நமக்குத் தெரியும். அது இதற்கு ஓரளவு பொருந்தும். ஆனால் அந்தக் கதையில் ஒருவன் மட்டும் பால் ஊற்றியிருந்தால் அவனுக்குப் போவது ஒரு குடம் பால்தான். இங்கே யோக்கியமாக இருப்பவர், மற்றவர்களின் திருட்டுக்கு நாள்தோறும் பணம் கட்டுகிறார். அவர் குறைத்ததால்தான் விலை 35-இலிருந்து 40-க்கு ஏறியது. அந்த ஏற்றத்தைத் தின்றவர்கள் மற்ற நால்வர்.

பெரியவருக்கு ஒரு கணக்கு, சின்னவருக்கு ஒரு கணக்கு

ஐந்தும் சம அளவு என்று வைத்துக்கொண்டது எளிமைக்காக. நிஜத்தில் ஒபெக் அப்படி இல்லை. ஒரு சவுதி இருக்கிறது, பக்கத்திலேயே அதில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு எடுக்கும் நாடுகளும் இருக்கின்றன. அளவு மாறும்போது கணக்கும் சுவாரசியமாக மாறுகிறது.

அதே சந்தை, அதே 100 லட்சம், அதே 60 டாலர். இந்த முறை ஒரு பெரிய நாட்டுக்கு 50 லட்சம் கோட்டா. மீதி 50 லட்சம் பத்துச் சின்ன நாடுகளுக்கு, ஆளுக்கு 5 லட்சம். பெரியவருக்கு நாளுக்கு 25 கோடி டாலர், சின்னவர் ஒவ்வொருவருக்கும் 2.5 கோடி.

ஒரு சின்ன நாடு தன் 5 லட்சத்தை 10 லட்சமாக்குகிறது. மொத்தத்தில் 5 லட்சம் கூடியதால் விலை இரண்டரை டாலர் இறங்கி 57.5 ஆகிறது. பீப்பாய் லாபம் 47.5. அந்த நாட்டுக்கு 4.75 கோடி. 2.5 கோடியிலிருந்து 4.75 கோடி என்றால் 90 சதவீத ஏற்றம், கிட்டத்தட்ட இரட்டிப்பு. விலை இறங்கியதால் பழைய 5 லட்சம் பீப்பாயில் அது இழந்தது வெறும் 12.5 லட்சம் டாலர்.

அதே 5 லட்சத்தைப் பெரிய நாடு கூட்டினால்? 55 லட்சம், பீப்பாய்க்கு 47.5, ஆக 26 கோடியே 12.5 லட்சம். 25 கோடியிலிருந்து நாலரை சதவீத ஏற்றம். அதன் பழைய 50 லட்சம் பீப்பாயில் ஒவ்வொன்றிலும் இரண்டரை டாலர் போய்விடுவதால், கூடுதல் வரவில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடுகிறது.

சின்னவருக்கு விலை என்பது வானிலை மாதிரி, அவர் செய்வதால் பெரிதாக மாறாது. பெரியவருக்கு விலை அவர் கைப்பிடியில் இருக்கிறது, அதனால் அதை இறக்க அவர் தயங்குவார். கார்ட்டெல்களில் ஓட்டை பெரும்பாலும் ஓரத்தில் விழுவதும், பெரியவர் தலையில் பொறுப்பு வந்து விடிவதும் இதனால்தான்.

இப்போது அந்தப் பொறுப்பின் விலையைப் பார்ப்போம். சின்ன நாடுகளில் ஐந்து, கோட்டாவை இரட்டிப்பாக்கிவிடுகின்றன. சந்தைக்கு 25 லட்சம் பீப்பாய் கூடுதலாக வருகிறது. பெரியவர் முன் இரண்டு வழிகள். ஒன்று, பேசாமல் தன் 50 லட்சத்தை விற்பது. விலை 47.5-க்கு இறங்கும், பீப்பாய்க்கு 37.5 லாபம், நாளுக்கு 18.75 கோடி. மற்றொன்று, தன் உற்பத்தியில் 25 லட்சத்தை வெட்டி விலையை 60-லேயே நிறுத்துவது. மிச்சமுள்ள 25 லட்சத்துக்கு 50 டாலர் வீதம் 12.5 கோடி.

விலையைக் காப்பாற்றினால் 12.5 கோடி, கைவிட்டால் 18.75 கோடி. பத்துச் சின்ன நாடுகளும் இரட்டிப்பாக்கினால் கதை இன்னும் மோசம். விலையை 60-இல் நிறுத்த அவர் 50 லட்சத்தையும் வெட்ட வேண்டும், அதாவது கடையையே மூட வேண்டும். விலை 60 டாலர் என்று பலகையில் இருக்கும், அவரிடம் விற்க ஒரு பீப்பாய் இருக்காது. வெட்டாமல் விட்டிருந்தால், விலை 35-க்குப் போனாலும் நாளுக்கு 12.5 கோடி வந்திருக்கும்.

1985: கணக்கு நிஜமானது

சவுதி அரேபியா நடந்துபோனது இந்தப் பாதையில்தான். 1983 மார்ச்சில் லண்டனில் பல நாள் இழுத்த கூட்டத்தில் ஒபெக் தன் அடிப்படை விலையை 34 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. மொத்த உச்சவரம்பு நாளுக்கு 175 லட்சம் பீப்பாய் என்று வைத்தது. சவுதிக்கு மட்டும் நிலையான கோட்டா கிடையாது. மற்றவர்கள் விற்றது போக மிச்சத்தை அது நிரப்பும், தேவை குறைந்தால் அதுவே குறைத்துக்கொள்ளும். சீசா பலகையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து ஈடுகட்டுகிற வேலை.

மீறல் என்றால் நேரடியாகக் கோட்டாவைத் தாண்டிக் கப்பல் கப்பலாக அனுப்புவது மட்டும் இல்லை. அறிவித்த விலையை மாற்றாமல் கடன் தவணையை நீட்டித் தருவது, கப்பல் கூலியைத் தாங்களே ஏற்பது, எண்ணெய்க்குப் பதில் பொருள் வாங்குவது என்று வழிகள் ஏராளம். பண்டமாற்றில் எண்ணெயின் உண்மையான விலை என்ன என்பது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் மட்டுமே தெரியும். 1984-இல் சவுதியேகூட எண்ணெய் கொடுத்து போயிங் 747 விமானங்கள் வாங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காவல்காரரும் முழுச் சைவம் இல்லை.

இதற்கு நடுவே கூட்டணிக்கு வெளியே வடகடல் எண்ணெய் பெருகிக்கொண்டிருந்தது. 1984 அக்டோபரில் நார்வேயும் பிரிட்டனும் விலையை இறக்கின. அதே வகை இலகுவான எண்ணெய் விற்கும் நைஜீரியா, ஒபெக் உறுப்பினராக இருந்தும், பின்னாலேயே விலையை இறக்கியது. வாடிக்கையாளர் கண்முன் கை மாறிப் போகும்போது தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அதனால் முடியவில்லை. அந்த மாதமே ஒபெக் உச்சவரம்பை 160 லட்சமாகக் குறைத்தது. குறைத்ததில் பெரும்பாரம் சவுதிக்கு.

1985 கோடையில் சவுதியின் நிலை, நம் கணக்கில் 'கடையை மூடும்' பெரியவரின் நிலைக்கு அருகே வந்துவிட்டது. அப்போதைய எண்ணெய் அமைச்சர் அகமது சாக்கி யமானி மற்ற உறுப்பினர்களைப் பலமுறை எச்சரித்துப் பார்த்தார், பலன் இல்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சவுதி விற்பனை முறையையே மாற்றியது. எண்ணெயை நிலையான விலைக்கு விற்காமல், அதைச் சுத்திகரித்து விற்கும் பெட்ரோல், டீசலின் சந்தை விலையிலிருந்து சுத்திகரிப்புச் செலவையும் ஆலைக்கு ஒரு லாபத்தையும் கழித்து, மிச்சத்தைக் கச்சா எண்ணெய் விலையாக வாங்கிக்கொண்டது. விலை எங்கே போனாலும் சுத்திகரிப்பு ஆலைக்கு லாபம் உறுதி. வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றார்கள்.

சீசா பலகையின் ஒரு பக்கத்தில் இருந்தவர் எழுந்துவிட்டால் என்ன ஆகும்? 1985 இறுதியில் 30 டாலரை ஒட்டியிருந்த விலை 1986 கோடையில் 10 டாலர் வரை விழுந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் யமானி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். டிசம்பரில் எல்லோரும் மறுபடி உட்கார்ந்து, 18 டாலர் விலையைக் குறிவைத்து, புதிய கோட்டாக்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை சவுதிக்கும் ஒரு கோட்டா உண்டு, மற்றவர்களுக்காக மட்டும் குறைத்துக்கொள்ளும் வேலை இல்லை.

பிடிபட எத்தனை நாள்?

இதுவரை படித்தவர் கேட்கலாம்: மீறுவதுதான் எப்போதும் லாபம் என்றால் ஒபெக் இன்னும் எப்படி உயிரோடு இருக்கிறது? காரணம், இது ஒரே ஒரு நாள் ஆட்டம் அல்ல. இன்று மீறினால் நாளை மற்றவர்கள் திருப்பி அடிக்கலாம். ஆனால் அடி விழும் என்பது மட்டும் போதாது, எப்போது விழும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஐந்து சம நாடுகளின் கணக்குக்குத் திரும்புவோம். மீறுபவருக்கு நாளுக்கு 3.5 கோடி கூடுதல். பிடிபட்டதும் மற்ற நால்வரும் 30 லட்சத்துக்கு ஏறிவிடுவார்கள், எல்லோருக்கும் 7.5 கோடி. அப்போது அவர் நாளுக்கு 2.5 கோடி இழப்பார்.

10 நாளில் பிடிபட்டால் அவர் சேர்த்தது 35 கோடி. 14 நாள் தண்டனையிலேயே அது தீர்ந்துவிடும். தண்டனை ஒரு மாதம் நீடித்தால் அவருக்கு நட்டம்தான், ஆகவே மீறுவது புத்திசாலித்தனம் அல்ல. ஆனால் 90 நாள் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டால் 315 கோடி சேர்ந்திருக்கும். அதைத் தின்றுதீர்க்க 126 நாள் தண்டனை வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் எல்லோரும் தங்களையும் வருத்திக்கொண்டு அவரைத் தண்டிப்பார்களா? தண்டிப்பவருக்கும் 7.5 கோடிதானே கிடைக்கிறது. பெரும்பாலும் அதற்குள் யாராவது சமாதானம் பேச வந்துவிடுவார்கள். அதையும் மீறுபவர் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வார்.

அதனால்தான் ஒபெக், உறுப்பு நாடுகள் தாங்களே சொல்லும் உற்பத்தி எண்ணை மட்டும் நம்பாமல், வெளியாட்களின் மதிப்பீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, அதை வைத்துத்தான் கோட்டாவைச் சரிபார்க்கிறது. கப்பல்களின் நடமாட்டத்தைக் கண்காணிப்பதை ஒரு தொழிலாகவே செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. துறைமுகத்தை விட்டுப் போகும் கப்பலை மறைப்பது கடினம், உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாயில் போகும் எண்ணெயை மறைப்பது எளிது. கோட்டா கச்சா எண்ணெய்க்கு மட்டும்தான், எரிவாயுவோடு சேர்ந்து வரும் மிக இலகுவான கண்டன்சேட்டுக்கு இல்லை. ஆகவே எதைக் கச்சா என்று எழுதுவது, எதைக் கண்டன்சேட் என்று எழுதுவது என்பதிலும் ஒரு வித்தை நடக்கும்.

பிடிபட்டாலும் எல்லோரும் ஒரே அளவு பயப்படுவதில்லை. 1990-இன் முதல் பாதியில் கோட்டாவைத் தாண்டி அதிகம் எடுத்தவர்களில் குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் முன்னணியில் இருந்தன. குவைத்துக்கு ஐரோப்பாவில் சொந்தமாகச் சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோல் பங்குகளும் இருந்தன, வெளிநாட்டு முதலீடுகளும் இருந்தன. கச்சா விலை இறங்கினால் ஒரு கையில் போவது இன்னொரு கையில் ஓரளவு திரும்பி வரும். பக்கத்தில் ஈராக்கோ எட்டு ஆண்டுப் போரின் கடனில் மூழ்கியிருந்தது. விலை ஒரு டாலர் இறங்கினால் ஆண்டுக்கு 100 கோடி டாலர் போகிறது என்று அது குற்றம் சாட்டியது. நாளுக்கு 27, 28 லட்சம் பீப்பாய் விற்கும் நாட்டுக்கு அந்தக் கணக்குச் சரியாகவே வருகிறது, 365-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் படையோடு நுழைந்தது. அதற்குக் கடன், எல்லை என்று வேறு காரணங்களும் உண்டு. கோட்டா மீறலும் அவற்றில் ஒன்றாக வெளிப்படையாகவே பேசப்பட்டது.

விலைப் போரை ஒரு தண்டனையாக உபயோகிப்பது இன்றும் போகவில்லை. 2016-இல் ரஷ்யா உள்ளிட்ட வெளி நாடுகளும் சேர்ந்து ஒபெக் பிளஸ் ஆனது. 2020 மார்ச்சில் கொரோனாவால் தேவை சரிந்தபோது மேலும் வெட்ட ரஷ்யா மறுத்தது. சில நாட்களிலேயே சவுதி விலையைக் குறைத்துக் குழாய்களைத் திறந்துவிட்டது. ஒரே மாதத்தில், ஏப்ரலில், நாளுக்கு 97 லட்சம் பீப்பாய் வெட்டுவதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஜூனில் ஒரு புது ஏற்பாடும் சேர்ந்தது: கோட்டாவைத் தாண்டியவர், தாண்டிய அளவைப் பின்வரும் மாதங்களில் கூடுதலாகக் குறைத்து ஈடுகட்ட வேண்டும். ஒருவர் மீறியதற்காக எல்லோரும் சேர்ந்து 7.5 கோடிக்கு இறங்காமல், மீறியவரை மட்டும் பிடிக்கப் பார்க்கும் முயற்சி அது.

ஈராக்கும் கஜகஸ்தானும் அப்படிப் பலமுறை ஈடுகட்டும் அட்டவணை கொடுத்திருக்கின்றன. கஜகஸ்தானின் கதை கொஞ்சம் வேறு. அங்கே தெங்கிஸ் என்ற மாபெரும் எண்ணெய் வயலில் செவ்ரான் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் பல்லாயிரம் கோடி டாலர் கொட்டி விரிவாக்கம் செய்தன, 2025 தொடக்கத்தில் அது ஓடத் தொடங்கியது. நம் கணக்கில் ஒரு பீப்பாய்க்கு 10 டாலர் செலவு என்று வைத்துக்கொண்டோம். போட்ட முதல் ஏற்கெனவே போய்விட்ட கிணற்றில், அடுத்த பீப்பாயை எடுக்க ஆகும் செலவு அதைவிடவும் குறையலாம், ஒவ்வொரு கூடுதல் பீப்பாயின் லாபமும் அந்த அளவுக்கு ஏறும். குறைக்கச் சொல்லும் ஓலை ஒபெக் தலைமையகம் இருக்கும் வியன்னாவிலிருந்து அரசுக்கு வருகிறது, குழாயின் கைப்பிடியோ நிறுவனங்களிடம் இருக்கிறது. அந்த ஆண்டு கஜகஸ்தான் மாதக்கணக்கில் கோட்டாவைத் தாண்டியது. அதே ஆண்டு மேயிலிருந்து சவுதி உள்ளிட்ட எட்டு நாடுகள், எதிர்பார்த்த அளவின் மூன்று மடங்காக, மாதத்துக்கு நாளொன்றுக்கு 4 லட்சத்துச் சொச்சம் பீப்பாய் என்று தங்கள் வெட்டைத் தளர்த்தத் தொடங்கின. சந்தையின் தேவைதான் காரணம் என்று அறிக்கை சொன்னது. 1985-ஐ நினைவில் வைத்திருந்த சந்தைக்காரர்கள் பலர் அதை வேறு மாதிரிப் படித்தார்கள்.